ஒரு நாள் கையில் தடவிப் பார்த்தால் போதுமா? வீட்டு முகக்கிரீமை ஆட்களிடம் சோதிக்கும் முறை

கோத்தகிரிப் பக்கம் இப்போது கிரீம் செய்யாத மகளிர் குழு குறைவு. தேன்மெழுகு இங்கேயே கிடைக்கிறது. ஜெரேனியம், ரோஸ்மேரி எண்ணெய்களும் மலையிலேயே வடிக்கிறார்கள். ஊட்டிக்கும் குன்னூருக்கும் வருகிறவர்கள் வாங்கிப் போகிறார்கள். "சோதிச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "கையில தடவி ஒரு நாள் பார்த்தோம், ஒண்ணும் ஆகல."

நானும் என் நாத்தனாரும் இரண்டு வருடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பொய் இல்லை, உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு நாளில் தெரிவது பாதி விஷயம் மட்டுமே. முகத்தைப் பாழாக்குகிற மீதிப் பாதி பத்தாம் நாள் வரலாம், சிலருக்கு மாதங்கள் கழித்தும் வரலாம். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால் சோதனையை எப்படி நடத்த வேண்டும் என்பதும் தானாகவே தெளிவாகும்.

## எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு

பச்சை மிளகாய் நறுக்கினால் விரல் எரிகிறது. காரம் அதிகமானால் யாருக்கும் எரியும், கொஞ்சமாக இருந்தால் பலருக்குத் தெரியாது. கையில் வெடிப்பு இருந்தால் சீக்கிரம் எரியும், கழுவினால் அடங்கிவிடும். இதைத்தான் எரிச்சல் என்கிறோம்: ஒரு பொருள் தோலை நேரடியாகப் புண்படுத்துவது. சில நிமிடங்களிலோ ஒரு நாளுக்குள்ளோ பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு நாள் சோதனையில் பிடிபடுவது இதுதான்.

ஒவ்வாமை அப்படி இல்லை. நூறு பேர் பூசும் கிரீம் ஒருவருக்கு மட்டும் ஆகாமல் போகும். அவருக்கும் முதல் முறையில் ஒன்றும் ஆகாது. பொருள் தோலைப் புண்படுத்துவதில்லை, உடம்பின் காவல்படைதான் அதை எதிரி என்று முடிவு செய்து சண்டைக்கு வருகிறது.

எஸ்டேட் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனை நினைத்துப் பாருங்கள். புது ஆள் ஒருவர் முதல் முறை வந்தால் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார், உள்ளே விட்டும் விடுவார். பிறகு ஆபீஸில் போய்ச் சொல்வார். அங்கே விசாரித்து, "இந்த ஆளை விடாதே" என்று எல்லாக் கேட்டுக்கும் தகவல் போகப் பல நாள் ஆகும். அதே ஆள் அடுத்த முறை வரும்போதுதான் விசில் ஊதுவார்கள். அப்போதும் எல்லா லைன் வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து கூட ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

தோலிலும் இதே வரிசைதான். வாசனை எண்ணெயில் இருக்கும் மிகச் சிறிய மூலக்கூறுகள் தோலுக்குள் இறங்கி அங்கிருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. தோலில் காவலுக்கு நிற்கும் செல்கள் அதை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிற இடங்கள் அவை. அங்கே டி-செல் எனும் வெள்ளணுக்கள் அந்தப் பொருளை அடையாளம் வைத்துக்கொண்டு பெருகுகின்றன. இதற்கு ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். இந்தக் கட்டத்தில் தோலின் மேல் எதுவும் தெரியாது. அதன் பிறகு அதே பொருள் பட்டால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அரிப்பும் பொரிப்பொரியான தடிப்பும் வரும், பொருளின் அளவு குறைவாக இருந்தால் பல நாள் பூசிய பிறகும் வரலாம். ஒரு முறை அடையாளம் வைத்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது.

சுருக்கிச் சொன்னால், எரிச்சல் சீக்கிரம் வரும், அளவைப் பொறுத்தது. ஒவ்வாமை ஆளைப் பொறுத்தது, வெளியே தெரியும் முன் பல நாள் பதுங்கியிருக்கும். ஒரு நாள் சோதனை அந்தப் பதுங்கல் காலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

## ஆளைத் தொடும் முன் கிரீமைப் பாருங்கள்

ஆட்களிடம் கொடுப்பது கடைசி வேலை. தண்ணீரோ பன்னீரோ சேர்ந்த கிரீமில் பதப்படுத்தி எனும் கிருமித் தடுப்புப் பொருள் இல்லாவிட்டால் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். மலைக் குளிரும் ஃப்ரிட்ஜும் அதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. கண்ணுக்கும் மூக்குக்கும் நன்றாகவே இருக்கும் கிரீமில் கிராமுக்கு லட்சக்கணக்கில் கிருமி இருக்க முடியும். வைட்டமின் ஈ எண்ணெய் கிருமியைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும், அவ்வளவுதான்.

அதனால் எடைபோட்டுச் செய்த ஒரு தொகுதியை, அதாவது ஒரே தடவையில் கலக்கிய மொத்த கிரீமை, ஆய்வகத்துக்கு அனுப்பிக் கிருமி எண்ணிக்கை பாருங்கள். முகக்கிரீமுக்குக் கிராமுக்கு 1000க்குள் இருக்க வேண்டும், நோய் தரும் கிருமிகள் இருக்கவே கூடாது. சோதனையில் பங்கெடுப்பவர்களுக்கும் அதே தொகுதியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வேறு நாள் கலக்கியது வேறு கிரீம்.

எங்கள் 500 கிராம் தொகுதியில் பன்னீர் 350, எண்ணெய்கள் 100, குழம்பாக்கும் மெழுகு 30, தேன்மெழுகு 5, பதப்படுத்தியாக பினாக்ஸி எத்தனால் 5, ஜெரேனியம் எண்ணெய் 10 கிராம். ஜெரேனியம் 2 சதவீதம் வருகிறது. முகத்தில் பூசி அப்படியே விடுகிற கிரீமுக்கு இது அதிகம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. இயற்கையாக வடித்த எண்ணெய் என்பதால் மென்மையாக இருக்கும் என்று நினைத்தோம். ஆனால் ஜெரேனியத்தில் இருக்கும் ஜெரானியால், சிட்ரோனெல்லால் போன்றவை வாசனை ஒவ்வாமைக்கு நன்கு அறியப்பட்ட காரணங்கள். வாசனை எண்ணெய் பழசாகிக் காற்றுப் பட்டால் இந்தக் குணம் இன்னும் கூடவும் செய்யும்.

## யாரைக் கேட்பது, யாரைக் கேட்கக் கூடாது

உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்களையும் கடன் பட்டவர்களையும் கேட்காதீர்கள். அவர்களால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. குழுவில் தவணை பாக்கி வைத்திருந்த ஓர் அக்கா தானாகவே வந்தார். அவரையும் நாங்கள் சேர்க்கவில்லை.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், கரப்பான் உள்ளவர்கள், கையிலோ முகத்திலோ புண் உள்ளவர்கள், ஏற்கெனவே ஏதாவது கிரீமோ ஹேர் டையோ ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் வேண்டாம். அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வேண்டாம். இன்னொரு கேள்வியை வெட்கப்படாமல் கேட்டே ஆக வேண்டும்: "முகம் வெளுக்க மெடிக்கலில் ட்யூப் வாங்கிப் போடுறீங்களா?" அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது ஒவ்வாமையை மூடி மறைத்துவிடும், தோலையும் மெலிதாக்கிவிடும். அப்படிப்பட்டவரிடம் வரும் முடிவை எந்தப் பக்கமும் நம்ப முடியாது.

சம்மதத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வாசித்துக் காட்டினோம். என்னென்ன பொருள், என்ன ஆகலாம், ஒவ்வாமை வந்தால் அது வாழ்நாள் முழுக்க இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம், டாக்டர் செலவு எங்களுடையது. "வாழ்நாள் முழுக்க" என்ற வரியை வாசித்ததும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அந்த வரி இல்லாமல் கையெழுத்து வாங்கியிருந்தால் அது சம்மதமே இல்லை.

## பதினான்கு நாள் நடப்பது

தோல் மருத்துவர்கள் செய்யும் ஒட்டுச் சோதனையில் பொருளை முதுகில் ஒட்டி இரண்டு நாள் மூடி வைப்பார்கள். அதை வீட்டில் செய்யாதீர்கள். மூடினால் பொருள் ஆழமாக இறங்கும், அந்தச் சோதனையே ஒருவருக்குப் புதிதாக ஒவ்வாமையைத் தொடங்கி வைக்கலாம். வாசனை எண்ணெயைத் தனியாகத் தோலில் வைப்பதும் எந்த நிலையிலும் கூடாது. நமக்கு ஏற்றது திறந்த பூச்சுச் சோதனை. செய்து முடித்த கிரீமையே மூடாமல் ஒரே இடத்தில் தினம் இரு வேளை பூசிப் பார்ப்பதுதான் அது.

இடம் முழங்கை மடிப்பின் உட்புறம். தீப்பெட்டி அளவு பரப்பு, ஒரு பச்சைப்பயறு அளவு கிரீம், காலையும் மாலையும், 14 நாள். முதல் பூச்சு மட்டும் நம் கண் முன்னால் நடக்க வேண்டும், பூசியபின் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். சிலருக்கு நிமிடங்களிலேயே காஞ்சொறி பட்டதுபோல் தடிக்கும். அப்படி ஆனால் கழுவிவிட்டு அவரை அத்தோடு விடுவிக்க வேண்டும். உதடோ இமையோ வீங்கினால், மூச்சு இரைத்தால் நேராக ஆஸ்பத்திரிதான். மலையில் வண்டி கிடைக்க நேரமாகும், அதனால் முதல் நாள் வாசலில் ஒரு ஜீப்பைச் சொல்லி நிறுத்தி வைத்திருந்தோம்.

இனி முக்கியமான பகுதி. ஒரே கிரீமை மட்டும் கொடுத்தால், ஏதாவது வரும்போது அது கிரீமாலா, பனியாலா, புது சோப்பாலா என்று சொல்ல முடியாது. ஜனவரியில் இங்கே பூசாத கையே வெடிக்கும். அதனால் ஒப்பீட்டுக் கிரீம் ஒன்று வேண்டும்: எல்லாம் அதே, சந்தேகப்படும் பொருள் மட்டும் இல்லாதது. எங்களுக்கு அது ஜெரேனியம் சேர்க்காத கிரீம். ஒரு கைக்கு ஒன்று. எங்கள் பன்னிரண்டு பேரில் ஆறு பேருக்கு இடது கையில் ஜெரேனியம், மற்ற ஆறு பேருக்கு வலது கையில். டப்பாக்களில் 'இடது', 'வலது' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. யாருக்கு எது என்ற பட்டியல் நாத்தனாரின் பீரோவில் இருந்தது. தோலைப் பார்த்து மதிப்பெண் போட்ட எனக்கும் தெரியாது, பூசிக்கொண்டவர்களுக்கும் தெரியாது. வாசனையால் பலர் ஊகித்தார்கள், அது இந்த முறையின் குறைதான். ஆனாலும் என் கண் ஒரு பக்கம் சாயாமல் இருக்க இது உதவியது.

திரும்பச் சொன்னால், மூடாமல், முழங்கை மடிப்பில், இரண்டு கையிலும் இரண்டு வித கிரீம், இரு வாரம். ஒரு கையில் மட்டும் வந்தால் அந்தக் கையில் மட்டும் இருக்கும் பொருள்மேல் சந்தேகம். இரண்டிலும் வந்தால் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்று, அல்லது வெளிக் காரணம்.

## நம் தோலில் சிவப்பைத் தேடாதீர்கள்

புத்தகங்களில் "சிவந்தால் நிறுத்தவும்" என்று போட்டிருக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. இடம் கொஞ்சம் கருத்தோ ஊதா கலந்தோ தோன்றும், பல நேரம் நிறமே மாறாது. அதனால் முதலில் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு, சூடு, மண் ஒட்டியதுபோல் சின்னச் சின்னப் பொரி. பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேடு இருந்தால் நிழல் விழும். அரிக்கிறதா என்று கேளுங்கள். எரிகிறது என்றால் பெரும்பாலும் எரிச்சல், அரிக்கிறது என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம். இது உறுதியான பிரிவு இல்லை, நல்ல துப்பு.

சரி, சின்னத் தடிப்புதானே, ஆறிவிடும் என்று விட முடியாது. நம் தோலில் தடிப்பு ஆறிய இடம் கருத்து மாதக்கணக்கில் நிற்கும். முகத்தில் அது வந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் பொரியிலேயே நிறுத்த வேண்டும்.

## நோட்டில் எழுதுவது

பைண்டு செய்த நோட்டு, பக்க எண்ணோடு. பேனாவால் எழுத வேண்டும். தவறினால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்து, மேலே எழுதி மறைக்கக் கூடாது. ஆட்களின் பெயர் ஒரு தனித் தாளில் பூட்டி இருக்கும், நோட்டில் எண் மட்டும்.

ஒவ்வொரு வரியிலும் தேதி, எத்தனையாவது நாள், ஆள் எண், தொகுதி எண், இரண்டு கைக்கும் தனித்தனி மதிப்பெண், அவர் சொன்ன சொல் அப்படியே. மதிப்பெண்ணை ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்தோம். ஒன்றும் இல்லை என்றால் 0. உணர்வு மட்டும், தோலில் ஒன்றும் தெரியவில்லை என்றால் 1. சொரசொரப்போ நிறமாற்றமோ 2. பொரி அல்லது வீக்கம் 3. நீர் கோத்தால் 4. இரண்டு வந்தால் நிறுத்தி மறுநாள் பார்ப்பது, மூன்று வந்தால் சோதனை அவருக்கு முடிந்தது, டாக்டரிடம் போவது.

ஒன்றும் இல்லாத நாளும் 0 என்று எழுதப்பட வேண்டும். வெற்றுக் கட்டம் என்றால் பார்க்கவில்லை என்று அர்த்தம், நன்றாக இருந்தது என்று அர்த்தம் இல்லை. இந்த ஒரு பழக்கம் இல்லாததால் வீணாகும் சோதனைகள்தான் அதிகம். கடைசியாக ஒரு கட்டம் 'வேறு என்ன' என்று. புது சோப்பு, கொழுந்து பறிக்கப் போனது, நாள் முழுக்க கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தது. ஸ்வெட்டர் கை முழங்கை மடிப்பில் உரசியே தடிப்பு உண்டாக்கும். அப்புறம் போட்டோ: அதே ஜன்னல், அதே நேரம், பக்கத்தில் ஒரு ஸ்கேல்.

## எங்கள் பன்னிரண்டு பேர்

மூன்றாம் நாள் 4ஆம் எண் இரண்டு கையிலும் எரிகிறது என்றார். மதிப்பெண் 1, 1. 'வேறு என்ன' கட்டத்தில், விடிகாலைப் பனியில் கேரட் கழுவப் போனது என்று இருந்தது. ஆறாம் நாள் அவருக்கு 0, 0. எரிச்சல் இப்படித்தான் வந்து போகும்.

ஆறாம் நாளோடு 10ஆம் எண் வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு சாவு என்று பிறகு தெரிந்தது.

எட்டாம் நாள் வரைக்கும் 7ஆம் எண்ணுக்கு எல்லாமே 0. ஒன்பதாம் நாள் காலை, "ராத்திரி இடது கை மட்டும் ஒரே அரிப்பு" என்றார். பார்வைக்கு ஒன்றும் இல்லை. விரல் வைத்தால் ரவை கொட்டியதுபோல் இருந்தது. டார்ச்சில் பொரி நன்றாகவே தெரிந்தது. இடது 3, வலது 0. அன்றே நிறுத்தினோம். தோல் டாக்டர் முறையான ஒட்டுச் சோதனை செய்ததில் வாசனைப் பொருள்களின் கலவைக்கு ஒவ்வாமை என்று உறுதியானது. பல வருடம் முன்பு ஒரு வாசனைப் பவுடர் கழுத்தில் அரித்ததை அப்போதுதான் அவர் நினைவுக்குக் கொண்டுவந்தார். பீரோப் பட்டியலைத் திறந்தோம். அவருடைய இடது கையில் இருந்தது ஜெரேனியம் கிரீம்.

எங்கள் பழைய ஒரு நாள் சோதனையில் இவருக்கு 0 என்றுதான் வந்திருக்கும்.

இப்போது முடிவை எப்படி எழுதுவது? "பன்னிரண்டில் ஒருவருக்கு மட்டும்" என்று எழுதினால் தவறு, 10ஆம் எண்ணுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியாதே. நாங்கள் எழுதியது: தொடங்கியவர்கள் 12, முடித்தவர்கள் 10, தடிப்பால் நிறுத்தியவர் 1, பாதியில் போனவர் 1. முடித்த பத்துப் பேரில் ஒருவருக்கு இரு கையிலும் லேசான எரிச்சல், மற்ற ஒன்பது பேருக்கு எதுவும் இல்லை.

## அந்த எண்ணிக்கை எதைச் சொல்லாது

வாசனை சேர்க்காத கிரீமில் யாருக்கும் ஒவ்வாமை வரவில்லை. அதனால் அது பாதுகாப்பானது என்று சொல்லலாமா? முடியாது. பத்துப் பேரில் யாருக்கும் வராவிட்டாலும், நான்கில் ஒருவருக்கு வரக்கூடிய கிரீமாகவே அது இருந்திருக்கலாம், நமக்கு வாய்த்த பத்துப் பேர் தப்பித்திருக்கலாம். முப்பது பேரிடம் பார்த்து ஒருவருக்கும் வராவிட்டால் பத்தில் ஒருவருக்கு மேல் வராது என்று ஓரளவு நம்பலாம். ஆட்கள் கூடக் கூட இந்தச் சந்தேகம் சுருங்கும், பூஜ்யம் ஆகாது. தவிர, இரண்டு வாரச் சோதனை பெரும்பாலும் ஏற்கெனவே அடையாளம் வைத்திருப்பவர்களைத்தான் பிடிக்கும். நம் கிரீமையே பூசிப் பூசி மாதங்கள் கழித்துப் புதிதாக ஒவ்வாமை பெறுபவர்கள் இதில் அகப்பட மாட்டார்கள்.

கையில் தேறியது முகத்திலும் தேறும் என்பதும் இல்லை. முகத்தோல், முக்கியமாக இமை, மெலிது. அதோடு இந்த மலையில் கை ஸ்வெட்டருக்குள் இருக்கிறது, முகம் வெயிலில் இருக்கிறது. உயரத்தில் புற ஊதாக் கதிர் கூடுதல். பழத்தோலிலிருந்து பிழிந்து எடுத்த எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்கள் வெயில் பட்டால்தான் தோலைச் சுடும், அதனால் கைச் சோதனையில் மாட்டவே மாட்டா. அவற்றை முகக்கிரீமில் சேர்க்காமலே இருப்பதுதான் எங்கள் முடிவு. கைச் சோதனை முடிந்தவர்களில் விரும்பியவர்கள் மட்டும் காதுக்குக் கீழே தாடையோரத்தில் ஐந்து நாள், பிறகு இமையை விட்டு முழு முகத்தில் இரண்டு வாரம் பூசினார்கள். அதே நோட்டு, அதே மதிப்பெண். 7ஆம் எண்ணிடம் வாசனை இல்லாத கிரீமைக்கூடப் பூசச் சொல்லி நாங்கள் மறுபடி கேட்கவில்லை.

இந்தச் சோதனை உரிமத்துக்கு மாற்றும் அல்ல. விற்பதற்காக அழகுப் பொருள் தயாரிக்க, 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். வீட்டு அடுப்படியில் செய்து லேபிள் ஒட்டினால் போதாது. "டாக்டர் பரிசோதித்தது" என்று லேபிளில் போடுவதற்கும் நம் நோட்டு ஆதாரம் ஆகாது.

விற்பது என்று முடிவானது வாசனை இல்லாத கிரீம்தான். நோட்டின் கடைசி இருபது பக்கங்களைப் புகாருக்கென்று விட்டு வைத்திருக்கிறோம். போன் வந்தால் நாத்தனார் முதலில் நிறுத்தச் சொல்லிவிடுவாள், பிறகு நான்கு கேள்வி கேட்பாள்: டப்பாவின் அடியில் இருக்கும் தொகுதி எண் என்ன, பூச ஆரம்பித்து எத்தனை நாள், எரிகிறதா அரிக்கிறதா, இந்த வாரம் முகத்தில் வேறு என்ன போட்டீர்கள். பதிலைச் சொன்ன சொல்லிலேயே எழுதிவிட்டு, அந்தத் தொகுதியின் டப்பாக்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியாக வைப்பாள்.